மாடி வீட்டில் இன்னொருவரைச் சேர்ப்பது பற்றி

மண்டபம்
12.08.2025

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். வெள்ளிக்கிழமை இரவு நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நானும் வீட்டில் அவரும் இரண்டு தடவை படித்தோம். உடனே பதில் சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். யோசித்து, கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. போனில் சொன்னால் நாளைக்கு உங்களுக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி ஞாபகம் இருக்கும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இதையே நம் வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் மூன்று கேட்டிருந்தீர்கள். கூட வேலை பார்க்கும் தூத்துக்குடித் தம்பி ஜெபராஜை செப்டம்பர் 1 முதல் மாடியில் சேர்த்துக்கொள்ளலாமா என்பது முதலாவது. அதற்குச் சரி. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் நீங்கள் கொச்சிக்குப் பயிற்சிக்குப் போகும்போது வீட்டை அவரிடம் விட்டுப் போகலாமா என்பது இரண்டாவது. அதற்கும் சரி, ஆனால் சில கட்டுப்பாடுகளோடு. அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும் அறையை ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் உங்கள் பாரம் குறையுமே என்பது மூன்றாவது. அது மட்டும் முடியாது தம்பி. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஜெபராஜைச் சேர்ப்பதில் எனக்கு மனத்தடை ஒன்றுமில்லை. மார்ச் 1-இல் வந்ததிலிருந்து ஒரு மாதம்கூட வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை. ராத்திரி படியேறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவீர்கள், கீழே உம்மா தூங்குவார்கள் என்று. நான் சொல்லிச் செய்ததில்லை அது. அப்படிப்பட்ட ஆள் கூட்டிவரும் ஆளை நம்பலாம் என்றுதான் வீட்டில் அவரும் சொன்னார்.

இருந்தாலும் யார் நம் கூரைக்கு அடியில் படுக்கிறார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் மாடியில் இருந்தவர் எங்களிடம் சொல்லாமலே ஒருவரைத் தங்கவைத்திருந்தார். ஒருநாள் காலையில் கடலோரப் போலீஸார் இருவர் வந்து, மேலே புதிதாக ஒருவர் இருக்கிறாராமே, எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் அந்த ஆளின் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல் நான் வாசலில் நின்றேன். வாப்பா கட்டிய வீட்டில் எனக்கு அப்படி ஒரு நிலை. வந்தவர் கடைசியில் பாவம், வலைக்கடையில் கணக்கு எழுத வந்த பையன்தான், குற்றம் ஒன்றுமில்லை. இருந்தும் அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்முடையது இலங்கைக்கு எதிரே இருக்கிற கரை. புதுமுகத்தைப் பற்றிக் கேட்கத்தான் செய்வார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

அதனால் ஜெபராஜின் ஆதார் நகல், சொந்த ஊர் முகவரி, வீட்டில் ஒருவருடைய போன் நம்பர், வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை நகல், ஒரு போட்டோ ஆகியவை எனக்கு வேண்டும். ஒரு பிரதியை நானே ஸ்டேஷனில் கொடுத்துவிடுவேன். அவரைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, நீங்கள் வந்தபோது உங்களிடமும் இதையேதான் வாங்கினேன். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தராமல் குடியிருப்பவர் இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடக்கூடாது என்று 2017 வாடகைச் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே நம் ஒப்பந்தத்துக்குத் துணையாக ஒரு பக்கம் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுவோம். தட்டச்சுச் செலவு என்னுடையது.

அந்தத் துணை ஒப்பந்தத்திலும் வாடகைக்காரர் நீங்கள்தான். 6,500 ரூபாய் வாடகை அப்படியே இருக்கும், ஆள் கூடியதற்காக ஏற்ற மாட்டேன். உங்களுக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொண்டாலும் எனக்கு உங்கள் கணக்கிலிருந்து ஒரே தொகையாக வர வேண்டும். அவர் தரவில்லை, அதனால் பாதிதான் அனுப்பினேன் என்று வரக்கூடாது. கொச்சியில் இருக்கும் மூன்று மாதத்துக்கும் இதுதான்.

அட்வான்ஸும் கூட்டவில்லை. மூன்று மாத வாடகை 19,500 என்னிடம் இருக்கிறது, அது போதும். ஜெபராஜ் அதில் பாதியை உங்களிடம் கொடுத்தால், கொடுத்த தேதியோடு உங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதை அக்காவாகச் சொல்கிறேன். ஒன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய நண்பர்கள் வீடு காலி செய்யும் அன்று அட்வான்ஸ் காசுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டைக் காலி செய்யும்போது நான் பணத்தைத் திருப்பித் தருவது உங்கள் கையில்தான்.

இனித் தண்ணீர். அதை நினைத்துத்தான் நான் நாலு நாள் எடுத்துக்கொண்டேன். காவிரிக் கூட்டுக் குடிநீர் நம் தெருவுக்கு எப்போது வரும், எவ்வளவு நேரம் வரும் என்பது உங்களுக்கே தெரியும். போர் தண்ணீர் உப்பு, துவைக்கவும் கழுவவும்தான் ஆகும். சம்ப்பில் நான் ஒரு மூங்கில் குச்சி போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் கத்தியால் கீறிய கோடு இரண்டு இருக்கிறது. தண்ணீர் மேல் கோட்டைத் தொட்டால் மாடிக்கும் கீழுக்கும் ஒரு வாரம் தாங்கும். கீழ்க் கோட்டுக்கு இறங்கினால் லாரிக்குச் சொல்ல வேண்டும். இன்னொரு ஆள் வந்தால் மாதத்துக்கு ஒரு லாரி கூடுதலாக இறக்க வேண்டிவரும். ஒரு லாரி 900 ரூபாய். பாதி நாங்கள் போட்டுக்கொள்கிறோம், பாதி நீங்கள். அதாவது செப்டம்பரிலிருந்து மாதம் 450 தண்ணீருக்கு. நீங்கள் கொச்சியில் இருக்கும் மாதங்களில் மேலே ஒருவர்தானே, அப்போது இது வேண்டாம். குடிக்கும் தண்ணீரைக் குடக்கணக்கில் நீங்களே வாங்கிக்கொள்கிறீர்கள், அது அப்படியே இருக்கட்டும்.

மாடியில் இரண்டு பேருக்கு மேல் நிரந்தரமாகத் தங்கக் கூடாது என்பதற்கும் காரணம் தண்ணீர்தான், வேறு விதத்தில். இந்த மணலில் ஐந்தாறு அடி தோண்டினாலே ஊற்று. கழிவுத்தொட்டியை ஆழமாக இறக்க முடியாமல் வாப்பா சின்னதாகத்தான் கட்டினார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்று ஏறினால் தொட்டி இறங்காது, கீழ் வீட்டுக் குளியலறையில்தான் முதலில் தெரியும். அம்மா அப்பா வந்து நாலு நாள் இருப்பது, நண்பர் ஒருவர் ரயிலைத் தவறவிட்டுத் தங்குவது, இதற்கெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம், சொன்னால் போதும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் கேளுங்கள்.

மின்சாரத்துக்கு மாடியில் தனி மீட்டர், நீங்கள்தான் கட்டுகிறீர்கள். இருவரும் ஏசி போட்டு இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். மீட்டரை இடையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை ஜெபராஜிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கடல்பாசி கட்டும் கயிற்றை ஈரத்தோடு கொண்டுவந்து படிக்கட்டுக் கம்பியில் தொங்கவிடாதீர்கள். போன மாதம் நீங்கள் ஒரே ஒருநாள் தொங்கவிட்டீர்கள். மூன்றாவது கம்பியில் பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தது. விரலால் அழுத்தினேன், ஓடு மாதிரி உடைந்தது, உள்ளே செம்பழுப்பாகத் துரு. கடல் காற்றே கம்பியைத் தின்கிறது, நாமும் சேர்ந்து உப்பை ஊற்ற வேண்டாம். முற்றத்துக் குழாயில் கயிற்றையும் காலையும் அலசிவிட்டு, வேப்பமரத்துக் கொடியில் காயப்போடுங்கள். அதற்கு நான் கணக்குப் பார்க்க மாட்டேன், அது போர் தண்ணீர்தான்.

இனி நீங்கள் கொச்சியில் இருக்கும் மாதங்கள். ஜெபராஜ் தனியாக இருக்கலாம். உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அவர் கூட்டிவரக் கூடாது. அவரும் இடையில் ஊருக்குப் போனால் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். அது மழையும் வாடையும் சேர்ந்து அடிக்கிற காலம். மொட்டைமாடித் தண்ணீர் போகும் ஓட்டையில் வேப்பிலை அடைத்தால் ஒரே ராத்திரியில் முழங்கால் அளவு நிற்கும். 1964 புயலில் தனுஷ்கோடி போனதற்குப் பிறகு அங்கிருந்து கரையேறி வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றியவர் வாப்பா. அதனால்தான் கரையை விட்டுத் தள்ளி, மேடு பார்த்துக் கட்டினார்கள். மழைக்கு முந்தி அந்த ஓட்டையைத் துடைக்க அவர்கள் ஒரு வருடமும் மறந்ததில்லை. அது இப்போது மாடியில் இருப்பவர் வேலை. போவதற்கு முன் ஜெபராஜுக்கு இடத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.

நாள் வாடகை வேண்டாம் என்பதற்கு வருவேன். புதுப் பாம்பன் பாலம் ஏப்ரலில் திறந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை ஓடுகிறது, அமாவாசைக்கு அறை கிடைக்காமல் மண்டபம் வரைக்கும் வந்து கேட்கிறார்கள். எனக்கும் தெரிகிறது, பணம் வரும். ஆனால் நம்முடையது வீட்டு மின் இணைப்பு, லாட்ஜ் மாதிரி விட்டால் அது வணிகக் கணக்காகிவிடும். ஒரு குடும்பம் புனித நீராடி வந்து உப்பு போகக் குளிக்கும் தண்ணீருக்கு என் மூங்கில் குச்சி தாங்காது. எல்லாவற்றுக்கும் மேல், தினம் ஒரு முகம் படியேறினால் கீழே உம்மா கதவைச் சாத்திக்கொண்டுதான் இருக்க வேண்டும். எண்பது வயதில் அவர்களுக்குத் திண்ணைதான் உலகம். இதில் நான் மாற மாட்டேன்.

மூன்று மாதம் உங்களுக்குப் பாரம் என்று எழுதியிருந்தீர்கள். அதை யோசித்தோம். ஒருவேளை ஜெபராஜ் வராமல் போய் வீடு பூட்டிக் கிடந்தால், அந்த மாதங்களுக்கு 5,000 கொடுத்தால் போதும். அவர் இருந்தால் உங்களுக்குப் பாதிதானே, அப்போது பழைய வாடகையே.

ஒத்துவராமல் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் போக நினைத்தாலும், அவரால் தொந்தரவு என்று எனக்குத் தோன்றினாலும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிக்கொள்வோம். தொந்தரவு என்றால் முதலில் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவேன், நேரே அவரை வெளியே போகச் சொல்ல மாட்டேன். நீங்களே காலி செய்தால் அவருடைய இருப்பும் அதோடு முடியும். தொடர்ந்து இருக்க விரும்பினால் அவர் பெயரில் புதிதாக எழுதலாம், அதற்கு நான் இப்போது வாக்குக் கொடுக்கவில்லை. நம் ஒப்பந்தம் 31.01.2026 வரை. அதைப் புதுப்பிக்கும்போது இருவர் பெயரையும் போடுவதா என்று அப்போது பேசிக்கொள்வோம்.

இதில் ஏதாவது கஷ்டமாகத் தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள், தண்ணீர்க் காசு உட்பட. சம்மதம் என்றால் ஞாயிற்றுக்கிழமை 17-ஆம் தேதி காலை பத்து மணிக்கு ஜெபராஜைக் கூட்டிக்கொண்டு கீழே வாருங்கள். ஆதார் அசலையும் கொண்டுவரச் சொல்லுங்கள், பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவேன். உம்மாவும் அவரைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பசியாற எங்கள் வீட்டில்தான், வரும்போது சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். இரண்டாவது சாவி என்னிடம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டதும் தருகிறேன்.

அன்புடன்,
நூர்ஜஹான் அக்கா