அக்டோபர் 1 முதல் மாடி அறை வாடகைக்கு: டெபாசிட் செலுத்தும் முறை

25.08.2025

மதிப்பிற்குரிய சிவகுமார் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை வீடியோ அழைப்பில் அறையையும் சமையலறையையும் பொறுமையாகக் காட்டியதற்கு நன்றி. பேசியபடி, டோர்ட்முண்டில் உங்கள் வீட்டு மேல்மாடியில் உள்ள 14 சதுர மீட்டர் அறையை அக்டோபர் 1 முதல் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். துணைச் செலவு சேராத வாடகையான கால்ட்மீட்டெ 280 யூரோ, மின்சாரம், ஹீட்டர், இணையம் சேர்ந்த துணைச் செலவு 90, ஆக மாதம் 370 யூரோ என்று குறித்துக்கொண்டேன். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதுகலை சேர்க்கைக் கடிதத்தையும், எண்ணை மறைத்த பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

டெபாசிட் விஷயத்தைத்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. மூன்று மாத வாடகை, 1,110 யூரோ, செப்டம்பர் 1-க்குள் உங்கள் மகனின் கணக்குக்கு என்று சொன்னீர்கள். தொகை, நேரம், கணக்கு மூன்றிலும் சிறு மாற்றம் கேட்கிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

முதலில் தொகை. ஜெர்மன் குடிமைச் சட்டம் 551-ஆம் பிரிவின்படி கவுட்சியோன் என்ற டெபாசிட் அதிகபட்சம் மூன்று மாத கால்ட்மீட்டெதான். துணைச் செலவு கணக்கில் சேராது. அப்படிப் பார்த்தால் 3 × 280 = 840 யூரோ. அதை மூன்று சம தவணைகளாகக் கொடுக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது: முதல் தவணை குடியேறும்போது, மற்ற இரண்டும் அடுத்த இரண்டு மாத வாடகைகளோடு. நான் முதல் தவணையான 280 யூரோவைக் குடிவருவதற்கு முன்பே, ஒப்பந்தம் கையெழுத்தான மூன்று வேலை நாட்களுக்குள் அனுப்பச் சம்மதிக்கிறேன். ஆள் வருவானா மாட்டானா என்ற சந்தேகத்தோடு செப்டம்பர் முழுக்க நீங்கள் அறையைக் காலியாக வைத்திருக்க வேண்டியதில்லை.

மொத்தத்தையும் இப்போதே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். விசாவுக்காக 11,904 யூரோ தடைக்கணக்கில் கட்டியாயிற்று. அந்தப் பணம் நான் ஜெர்மனி வந்து, அங்கே வங்கிக் கணக்கு திறந்து, முகவரியைப் பதிந்த பிறகே மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். வருவதற்கு முன் அதிலிருந்து ஒரு சென்ட் எடுக்க முடியாது. நவம்பரில் மீதி 560-ஐயும் வாடகை 370-ஐயும் ஒன்றாகக் கொடுத்தால் 992-இல் மிஞ்சுவது 62 யூரோ; மருத்துவக் காப்பீட்டுக்கே அது போதாது. ஒரு தவணை 280 என்றால் 650 போக 342 நிற்கும், சமாளித்துக்கொள்வேன்.

ஆகவே முதல் 280 இந்தியாவிலிருந்து என் தந்தையின் கணக்கிலிருந்து வரும். அனுப்புநர் பெயர் SELVARAJ M என்று தெரியும், என் பெயர் இருக்காது. யாரோ அனுப்பிய பணம் என்று நீங்கள் குழம்பாமலிருக்கக் குறிப்பில் இதை எழுதச் சொல்லியிருக்கிறேன்:

```
KAUTION ZIMMER DG ARUNKUMAR SELVARAJ
```

இந்திய வங்கி ஒப்பந்த நகலை வாங்கிப் பார்த்துத்தான் பணத்தை அனுப்பும். ஒப்பந்தத்தில் வீட்டு உரிமையாளராக உங்கள் பெயரும், பணம் போகும் இடத்தில் மகன் பெயரும் இருந்தால் அங்கேயே கேள்வி எழும். அதைத் தாண்டிப் போனாலும், பெயரும் ஐபான் என்ற கணக்கு எண்ணும் பொருந்தாமல் பணம் திரும்பினால் போக வர இருபக்கக் கட்டணமும் வீண். நவம்பர் தவணைக்கும் இது பொருந்தும்: யூரோ நாடுகளில் அக்டோபர் 9 முதல் வங்கிகள் அனுப்பும் முன்பே பெயரையும் ஐபானையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதனால் உங்கள் சொந்தப் பெயரில் உள்ள கணக்கின் ஐபான், வங்கிக் குறியீடான பிக் இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வங்கி அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலே வேண்டும். ஸ்விஃப்டில் ü, ß போன்ற எழுத்துகள் சிக்கல் தரும் என்பதால் தெருப் பெயரை ue, ss என்று எழுதிக்கொள்கிறோம்.

பணம் யூரோவிலேயே கிளம்பும், கட்டணம் அனுப்புபவர் பொறுப்பு என்று குறிக்கப்படும். அப்படியும் நடுவிலுள்ள வங்கியோ உங்கள் வங்கியோ சில யூரோ பிடிக்கக்கூடும். 280-க்குப் பதில் 268 வந்தால் அந்த 12 என் பொறுப்பு. அக்டோபர் வாடகையோடு சேர்த்துக் கொடுக்கிறேன். வந்த தொகையை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சாதாரணமாக இரண்டு முதல் ஐந்து வேலை நாள் ஆகும். ஆறாம் நாளும் வராவிட்டால் வங்கியிடமிருந்து அனுப்புகைச் சான்று வாங்கித் தருகிறேன்; அதில் உள்ள எண்ணைக் கொண்டு உங்கள் வங்கி தேடிப் பார்க்கலாம். மாதக் கடைசிக்குத் தள்ளினால் அக்டோபர் 2 இந்தியாவில் விடுமுறை, 3 ஜெர்மனியில் விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. 6-ஆம் தேதிவரை எதுவும் அசையாது.

விசா இன்னும் கைக்கு வரவில்லை. செப்டம்பர் 20-க்குள் மறுக்கப்பட்டால் அன்றே கடிதத்தின் நகலை உங்களுக்கு அனுப்புவேன். அப்போது ஒப்பந்தம் தானாக ரத்து. 280-இல் 100 யூரோவை நீங்கள் வைத்துக்கொண்டு, திருப்பி அனுப்பும் வங்கிக் கட்டணத்தையும் கழித்து, மீதியைத் தந்தையின் கணக்குக்கே அனுப்பலாம். இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால் இருவருக்கும் நிம்மதி.

எல்லாம் சரியாக நடந்தால் செப்டம்பர் 29, திங்கள் மாலை டோர்ட்முண்டில் இருப்பேன். 1-ஆம் தேதிவரை தங்க வேறு இடம் பார்த்திருக்கிறேன். சாவி வாங்கும்போது அக்டோபர் வாடகை 370 யூரோவை ரொக்கமாகத் தருகிறேன், ரசீது எழுதித் தாருங்கள். அன்றே அறையை இருவரும் சுற்றிப் பார்த்து, சுவர்க்கீறல், மெத்தைக்கறை, ஜன்னல் பூட்டு எல்லாவற்றையும் ஒப்படைப்புத் தாளில் எழுதிப் படமும் எடுத்துக்கொள்வோம். காலி செய்யும்போது எந்தக் கீறல் யாருடையது என்ற பேச்சே வராது.

குடியமர்வுச் சான்றான வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங்கையும் அன்றே கையெழுத்திட்டுத் தர முடியுமா? குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அது தள்ளினால் தடைக்கணக்குப் பணமும் தள்ளும், உங்களுக்கு வர வேண்டிய நவம்பர் தவணையும் தள்ளும்.

டெபாசிட் தொகையை உங்கள் சொந்தப் பணத்தோடு சேர்க்காமல் தனிச் சேமிப்புக் கணக்கில் வைப்பதும் அதே சட்டப் பிரிவில் உள்ளதுதான். எந்த வங்கி என்று சொன்னால் போதும். காலி செய்த பின் எத்தனை மாதத்தில் திருப்பித் தருவீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். துணைச் செலவுக் கணக்குக்காக ஒரு சிறு தொகையை நிறுத்தி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இவை உங்களுக்குச் சம்மதமானால் ஒப்பந்த வரைவை இந்த வாரத்துக்குள் அனுப்புங்கள். கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து மறுநாளே திருப்பி அனுப்புகிறேன். அசலை வரும்போது கொண்டுவருகிறேன். ஏதாவது மாற்ற வேண்டுமென்றால், ஜெர்மன் நேரம் மாலை ஐந்து மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்.

இப்படிக்கு,
செ. அருண்குமார்

இணைப்பு: சேர்க்கைக் கடிதம், பாஸ்போர்ட் பக்கம், தடைக்கணக்குச் சான்று