ஆனுவல் டே வீடியோ கிளிப்ஸ்: எதை எடுப்போம், யாருக்குக் குடுப்போம்

திருச்சி
10.02.2026

எல்.கே.ஜி-ல இருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள எல்லா பேரண்ட்ஸுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை நம்ம ஆனுவல் டே நல்லபடியா முடிஞ்சுச்சு, அன்னைக்கு நைட்ல இருந்தே "மேடம் வீடியோ எப்ப வரும்", "எங்க பொண்ணு ஆடுனது மட்டும் தனியா கிடைக்குமா", "ஸ்கூல் பேஜ்ல போடுவீங்களா, போட வேணாமே" அப்படின்னு கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. எல்லாமே நியாயமான கேள்வி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொன்னா ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொன்ன மாதிரி ஆயிடும், அதனால மொத்தமா இந்த லெட்டர்லயே எழுதிடுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிச்சிடுங்க.

மொதல்ல முக்கியமான விஷயம். ஸ்டேஜ் ஏறுன ஒவ்வொரு பிள்ளையும் குறைஞ்சது ஒரு கிளிப்லயாவது முகம் தெளிவா தெரியற மாதிரி இருக்கணும். யாரு நல்லா ஆடுனா, யாரு முன் வரிசைல நின்னா, யாரு காஸ்ட்யூம் பளிச்சுனு இருந்துச்சுங்கிறத வச்சு நாங்க செலக்ட் பண்ணப் போறதில்ல. கடைசி வரிசைல மரமா நின்ன பையனும் மூணு மாசம் ரிகர்சலுக்கு வந்தவன்தான், அவங்க வீட்டுலயும் பாட்டி தாத்தா அவன் முகத்த தேடித்தான் வீடியோவ பார்ப்பாங்க. ஒவ்வொரு கிளாஸ் டீச்சரும் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர கையில வச்சுக்கிட்டு பேர் பேரா டிக் பண்ணிதான் அந்த செக்‌ஷன் கிளிப்ஸ முடிப்பாங்க, ஒரு பேர் விட்டுப் போனாலும் அந்த செக்‌ஷன் ஃபோல்டர் வெளிய போகாது.

அன்னைக்கு ரெண்டு கேமரா ஓடுச்சு. ஒண்ணு ஹாலுக்குப் பின்னாடி ஸ்டாண்டுல வச்சது, அது முழு ஸ்டேஜையும் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அசையாம எடுத்துருக்கு. இன்னொண்ணு வீடியோகிராஃபர் கையில வச்சு ஸ்டேஜ் பக்கத்துல இருந்து க்ளோசப் எடுத்தது. உங்களுக்கு ரெண்டுமே வரும். பின்னாடி கேமரால இருந்து உங்க பிள்ளையோட ஐட்டம் முழுசா ஒரு வீடியோ. க்ளோசப்ல இருந்து அரை நிமிஷம், ஒரு நிமிஷம்னு சின்ன சின்ன கிளிப்ஸ். முழு வீடியோ எதுக்குன்னா, க்ளோசப் எடுக்குறவரு எந்தப் பக்கம் திரும்புறாரோ அந்தப் பக்கப் பிள்ளைங்கதான் அதிகமா விழுவாங்க, அது அவரு தப்பில்ல, ஸ்டேஜ் அப்படி. முழு வீடியோ இருந்தா எந்தப் பிள்ளையும் காணாமப் போகாது.

கிளிப்ஸ பார்த்து முடிவு பண்றது நான், அந்தந்த கிளாஸ் டீச்சர், பெற்றோர் ஆசிரியர் கழகத்துல இருந்து ரெண்டு அம்மாக்கள். எல்லாம் ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்லயே உக்காந்து பார்ப்போம், யாரோட போனுக்கும் காப்பி போகாது.

எத எடுத்துடுவோம்னும் சொல்லிடுறேன். ஸ்டேஜ்ல அழுத குட்டிங்க, பின் கழண்டு டிரெஸ் விலகுன இடம், வசனம் மறந்து மைக் முன்னாடி திகைச்சு நின்ன பிள்ளை, பேக்ஸ்டேஜ்ல டிரெஸ் மாத்துற பக்கம் தெரியாம கேமரா திரும்புன ஷாட், இதெல்லாம் எந்த ஷேர் பண்ற கிளிப்லயும் இருக்காது. எல்.கே.ஜி பிள்ளை அழறது நமக்கு "ஐயோ அழகு"ன்னு தோணும், ஆனா அதே பிள்ளை ஆறாம் வகுப்பு வரும்போது கூடப் படிக்கிறவன் அந்த வீடியோவ எடுத்துக் காட்டுனா அது அழகா இருக்காது. உங்களுக்கு அந்த அழுகை கிளிப் ஞாபகத்துக்கு வேணும்னா தனியா கேளுங்க, உங்க பிள்ளை மட்டும் இருக்குற மாதிரி வெட்டி உங்ககிட்ட மட்டும் தருவோம். அஞ்சாம் வகுப்புக்கு மேல உள்ள பிள்ளைங்க கிட்ட டீச்சரே அவங்க க்ளோசப்ப காட்டி "இது போகலாமா"ன்னு கேட்டுடுவாங்க. பிள்ளை வேணாம்னா வேற ஷாட் தேடுவோம்.

இப்ப எப்படி வரும்ங்கிறதுக்கு வர்றேன். வாட்ஸ்அப் குரூப்ல போட மாட்டோம். நிறைய பேர் அதத்தான் எதிர்பார்க்குறீங்கன்னு தெரியும், ஆனா குரூப்ல சாதாரணமா வீடியோ அனுப்புனா அது சுருங்கி கிளாரிட்டி போயிடும், அதவிட முக்கியமா ஒரு தடவை ஃபார்வர்டு ஆக ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்னு நம்ம யாராலயும் சொல்ல முடியாது. அதுக்குப் பதிலா ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் கூகுள் டிரைவ்ல தனி ஃபோல்டர். யு.கே.ஜி பி செக்‌ஷன் ஃபோல்டர் யு.கே.ஜி பி பேரண்ட்ஸுக்கு மட்டும்தான் திறக்கும். லிங்க் கையில இருந்தா யார் வேணா பார்க்கலாம்ங்கிற மாதிரி வைக்கல, நீங்க குடுக்குற ஜிமெயில் ஐடிக்கு மட்டும் Viewer அனுமதி போகும், அதனால லிங்க்க வேற யாருக்காவது அனுப்புனாலும் அவங்களுக்குத் திறக்காது. ஒரு பிள்ளைக்கு ரெண்டு ஐடி வரைக்கும் குடுக்கலாம், அம்மா ஒண்ணு அப்பா ஒண்ணு, இல்ல துபாய்ல இருக்குற அப்பா ஒண்ணு இங்க இருக்குற தாத்தா ஒண்ணு, உங்க வசதி. மெயில் வந்ததும் போன்ல டிரைவ் ஆப்ப திறந்து Shared-ல பாருங்க, அங்க இருக்கும். ஃபைல் பேர்ல பிள்ளைங்க பேர் இருக்காது, UKG-B-03.mp4 அப்படின்னுதான் இருக்கும், வேணும்னேதான் அப்படி வச்சிருக்கோம்.

டவுன்லோட் பண்ணிக்கலாம். அத ஆஃப் பண்ணிடலாமான்னு கமிட்டில பேச்சு வந்துச்சு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, உங்க பிள்ளையோட ஞாபகம் உங்க கையில இருக்கணும், மே 31-க்கு அப்புறம் ஃபோல்டர எடுத்துடுவோம், அதுக்குள்ள இறக்கி வச்சுக்குங்க.

ஜிமெயில் இல்லாதவங்க, பட்டன் போன் வச்சிருக்கறவங்க கவலைப்பட வேணாம். பிப்ரவரி 28 சனிக்கிழமை காலைல 10 மணில இருந்து 1 மணி வரைக்கும் கம்ப்யூட்டர் லேப் திறந்திருக்கும், பென்டிரைவ் கொண்டு வந்தா காப்பி பண்ணித் தருவோம், இல்ல அங்கயே பெரிய ஸ்கிரீன்ல உக்காந்து பார்த்துட்டுப் போகலாம், பாட்டி தாத்தாவையும் கூட்டிட்டு வாங்க. எதுக்கும் காசு கிடையாது.

அடுத்தது ஸ்கூலோட ஃபேஸ்புக் பேஜும் யூடியூபும். இதுக்கு உங்க சம்மதம் தனியா வேணும், செக்‌ஷன் ஃபோல்டருக்கு ஓகே சொன்னா இதுக்கும் ஓகேன்னு நாங்க எடுத்துக்க மாட்டோம். 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயசுக்குக் கீழ உள்ள எல்லாரையும் குழந்தைன்னுதான் சொல்லுது, அவங்க சம்பந்தப்பட்ட டிஜிட்டல் விவரத்துக்கு பேரண்ட்டோட சம்மதம் வேணும்னு கேக்குது. அது முழுசா அமலுக்கு வர்ற வரைக்கும் காத்திருப்போம்னு இல்லாம நாங்க இப்பவே அப்படி நடந்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்.

ஒரு குரூப் டான்ஸ்ல இருபது பிள்ளைங்க, பத்தொன்பது வீட்டுல சரின்னு ஒரு வீட்டுல வேணாம்னு சொன்னா என்ன பண்ணுவீங்கன்னு ஒரு அப்பா கேட்டாரு. அந்தக் கிளிப் பப்ளிக்கா போகாது. அந்த ஒரு பிள்ளை இல்லாத ஷாட் இருந்தா அது போகும், இல்லன்னா இல்ல. முகத்த மட்டும் மறைச்சுப் போடலாமேன்னு சொல்றாங்க, அத நாங்க செய்யவே போறதில்ல. கூட ஆடுன எல்லாரு முகமும் தெரியுது, தன் முகத்துல மட்டும் மங்கலா ஒரு கட்டம் இருக்குன்னா அந்தப் பிள்ளை "நான் என்ன தப்பு பண்ணேன்"னுதான் நினைக்கும். அந்த நினைப்ப குடுக்குறதுக்கு அந்த வீடியோ வெளிய போகாமலே இருக்கலாம். வேணாம்னு சொல்றவங்க காரணம் எதுவும் எழுத வேண்டியதில்ல, நாங்களும் கேக்க மாட்டோம். குடும்பத்துல கோர்ட் கேஸ், வேற ஏதாவது பாதுகாப்பு விஷயம் இருந்து செக்‌ஷன் ஃபோல்டர்ல கூட பிள்ளை தெரிய வேணாம்னா எனக்கு போன் பண்ணுங்க, பிள்ளையோட கிளிப்ப உங்ககிட்ட மட்டும் நேரா தருவோம், மத்தவங்களுக்குப் போறதுல அவங்க இல்லாம பார்த்துக்குவோம்.

பாட்டு விஷயமும் இருக்கு. 1957 காப்பிரைட் சட்டத்துல, ஸ்கூல் நிகழ்ச்சில ஸ்டாஃபும் பசங்களும் பாட்டு வச்சு ஆடறதுக்கு, பார்க்கிறவங்க ஸ்டாஃப், ஸ்டூடண்ட்ஸ், பேரண்ட்ஸ், ஸ்கூலோட சம்பந்தப்பட்டவங்கன்னு இருந்தா விலக்கு இருக்கு. யூடியூப்ல ஊரே பார்க்குற மாதிரி போடறது அந்த வட்டத்துக்குள்ள வராது, சினிமா பாட்டு இருந்தா யூடியூபே கண்டுபிடிச்சு வீடியோவையே தடுத்துடலாம். அதனால பப்ளிக்கா போறது பெரும்பாலும் நம்ம பசங்களே வாசிச்ச பறை, ஏழாம் வகுப்பு சிலம்பம், எட்டாம் வகுப்பு பொண்ணுங்க அவங்களே பாடி அடிச்ச கும்மி, குறள் சொன்னது, இதுங்கதான். எனக்கு இதுல சந்தோஷம்தான், அன்னைக்கு ஹாலே எழுந்து நின்னது பறைக்குத்தான்.

வீடியோகிராஃபர் கிட்ட எழுதி வாங்கியிருக்கோம், நம்ம பிள்ளைங்க வீடியோவ அவரோட இன்ஸ்டா பேஜ்ல விளம்பரத்துக்குப் போடக் கூடாது, எங்ககிட்ட ஹார்ட் டிஸ்க் குடுத்ததும் அவருகிட்ட இருக்குறத அழிச்சிடணும்னு. அந்த டிஸ்க் ஆபீஸ் பீரோல பூட்டி இருக்கும், அடுத்த ஆனுவல் டே முடிஞ்சதும் அழிச்சிடுவோம்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அன்னைக்கு நீங்களே எடுத்த வீடியோ நிறைய இருக்கும், எடுத்தது தப்பே இல்ல. ஆனா ஸ்டேட்டஸ், ரீல்ஸ்னு போடறதுக்கு முன்னாடி அதுல வேற வீட்டுப் பிள்ளை தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா உங்க பிள்ளை மட்டும் இருக்குற மாதிரி வெட்டிப் போடுங்க, இல்ல அந்த வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. டிரைவ்ல இருந்து இறக்குற கிளிப்புக்கும் இதேதான். ஏற்கனவே போட்டிருந்தா தயவு செஞ்சு எடுத்துடுங்க. ஸ்கூல் யூனிஃபார்ம், பேர், செக்‌ஷன் எல்லாம் ஒரே வீடியோல தெரிஞ்சா முன்னப் பின்ன தெரியாத ஒருத்தன் நம்ம பிள்ளைய கேட்டுக்கிட்டு ஸ்கூல் வாசலுக்கு வர அது போதும். பிள்ளைங்க வீடியோவ யாராவது தப்பா பயன்படுத்துறது தெரிஞ்சா என்கிட்ட உடனே சொல்லுங்க, 1930 சைபர் கிரைம் நம்பர், பிள்ளைங்களுக்கான 1098 ரெண்டுமே இருக்கு, புகார் குடுக்க நான் கூட வர்றேன்.

நாளைக்குப் பிள்ளையோட டைரில ஒரு மஞ்சள் கலர் சீட்டு பின் பண்ணி வரும். அதுல ரெண்டே கேள்விதான், செக்‌ஷன் ஃபோல்டருக்கு சரியா, பப்ளிக் பேஜுக்கு சரியா. ரெண்டுக்கும் தனித்தனியா டிக் பண்ணி, ஜிமெயில் ஐடிய கேப்பிட்டல் லெட்டர்ல தெளிவா எழுதி, கையெழுத்துப் போட்டு பிப்ரவரி 16 திங்கட்கிழமைக்குள்ள கிளாஸ் டீச்சர்கிட்ட குடுத்து விடுங்க. சீட்டு வரலன்னா டீச்சர் போன் பண்ணுவாங்க, அப்பவும் பதில் தெரியலன்னா வேணாம்னுதான் எடுத்துக்குவோம். பின்னால மனசு மாறுனா எப்ப வேணா சொல்லலாம், பேஜ்ல போட்டது கூட சொன்ன ரெண்டு நாள்ல எடுத்துடுவோம்.

ஃபோல்டர் 23-ம் தேதி திங்கட்கிழமை சாயங்காலம் திறக்கும். திறந்ததும் உங்க பிள்ளை முகம் எதுலயும் தெளிவா இல்லன்னா 27 வெள்ளிக்கிழமைக்குள்ள கிளாஸ் டீச்சருக்கு சொல்லுங்க, ரா வீடியோல திரும்பத் தேடி எடுத்துத் தருவோம். சந்தேகம் எதுனாலும் டைரி முதல் பக்கத்துல இருக்குற ஆபீஸ் நம்பர்ல ஸ்கூல் முடிஞ்சு 4 மணில இருந்து 5 மணிக்குள்ள என்னைக் கேளுங்க.

அன்புடன்
ஆனுவல் டே கோஆர்டினேட்டர்