பகுதி 2: கோட்பாடு – கிளிசரினில் விழும் எஃகுக் குண்டும் பாகியல் எண்ணும்

கிளிசரின் நிறைந்த கண்ணாடி உருளைக்குள் சின்ன எஃகுக் குண்டு ஒன்றை விட்டால், அது ஒரே சீரான வேகத்தில் இறங்கும். அந்த வேகத்தை வைத்துக் கிளிசரினின் பாகியல் எண் η-ஐக் கண்டறிவதே எங்கள் சோதனை. ஆயர் ஈத்தாமில் நடக்கும் சனிக்கிழமை அறிவியல் வகுப்பின் கீழ்நிலை மாணவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள் என்பதால், சமன்பாட்டின் ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்டுகிறோம்.

2.1 குண்டின் மீதான விசைகள்

குண்டின் விட்டம் d, அடர்த்தி ρₛ. திரவத்தின் அடர்த்தி ρₗ. விழும் குண்டின் மீது மூன்று விசைகள் செயல்படுகின்றன. எடை கீழ்நோக்கி இழுக்கிறது. மிதப்பு விசையும் பாகியல் விசையும் மேல்நோக்கித் தள்ளுகின்றன.

எடை: W = (π/6) d³ ρₛ g
மிதப்பு விசை: B = (π/6) d³ ρₗ g
பாகியல் விசை: F = 3π η d v

முதல் இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை. மூன்றாவது, ஸ்டோக்ஸ் 1851-இல் வெளியிட்ட விதி. வேகம் மிகக் குறைவாக இருந்தால் திரவத்தின் நிலைமம் கணக்கில் வராது. எனவே விசை η, d, v மூன்றை மட்டுமே சார்ந்திருக்கும். இவற்றைப் பெருக்கினால்தான் விசையின் பரிமாணம் கிடைக்கிறது, வேறு எந்தச் சேர்க்கையிலும் கிடைக்காது. ஆக F, ηdv-க்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்பதைப் பரிமாணப் பகுப்பாய்வே சொல்லிவிடும். 3π என்ற மாறிலியை மட்டும் அதிலிருந்து பெற முடியாது. திரவ ஓட்டத்தின் முழுச் சமன்பாட்டையும் தீர்த்தாக வேண்டும். அந்தத் தீர்வை இங்கே செய்யவில்லை, ஸ்டோக்ஸின் முடிவை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். இந்த விசையில் மூன்றில் இரண்டு பங்கு குண்டின் பரப்பை ஒட்டிய உராய்விலிருந்து வருகிறது. மீதி ஒரு பங்கு, குண்டின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டிலிருந்து வருகிறது.

2.2 முற்றுத் திசைவேகம்

வேகம் கூடக்கூட F வளர்கிறது. ஒரு கட்டத்தில் W = B + F ஆகிவிடும். அதன்பின் முடுக்கம் இல்லை. அந்த வேகம்தான் முற்றுத் திசைவேகம், v∞:

(π/6) d³ (ρₛ − ρₗ) g = 3π η d v∞

v∞ = (ρₛ − ρₗ) g d² / 18η   … (1)

சரி, குண்டு எவ்வளவு சீக்கிரம் இந்த வேகத்தை எட்டுகிறது? நியூட்டனின் இரண்டாம் விதியை எழுதித் தீர்த்தால்

v = v∞ (1 − e^(−t/τ)),  τ = ρₛ d² / 18η   … (2)

எங்கள் ஆய்வறையில் வெப்பநிலை 30°C. அங்கே தூய கிளிசரினுக்கு η ≈ 0.61 பாஸ்கல் வினாடி, ρₗ ≈ 1255 கிகி/மீ³. எஃகுக்கு ρₛ ≈ 7800 கிகி/மீ³. 2 மி.மீ. குண்டுக்கு v∞ ≈ 23 மி.மீ./வி, τ ≈ 3 மில்லிவினாடி என்று வருகிறது. முற்றுத் திசைவேகத்தின் 99 விழுக்காட்டை எட்டுவதற்குள் அது ஒரு மி.மீ. கூட இறங்கியிருக்காது. 3 மி.மீ. குண்டுக்கும் ஒன்றிரண்டு மி.மீ. போதும். சமன்பாடு (2) குண்டோடு சேர்ந்து நகரும் திரவத்தை விட்டுவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் நேரத்தை அளக்கத் தொடங்கும் எங்கள் மேல்கோடு திரவ மட்டத்துக்கு 50 மி.மீ. கீழே இருப்பதால், அந்தக் குறை அளவீட்டைத் தொடாது.

2.3 சுவரின் பாதிப்பு

சமன்பாடு (1)-இல் திரவத்துக்கு எல்லையே இல்லை. எங்கள் உருளையின் உள்விட்டம் D = 50 மி.மீ. குண்டு ஒதுக்கித் தள்ளும் திரவம் சுவருக்கும் குண்டுக்கும் இடையே மேலேறியாக வேண்டும், அதனால் குண்டு மெதுவாகிறது. உருளையின் மைய அச்சில் விழும் குண்டுக்கு ஃபாக்ஸென் தந்த திருத்தத்தைப் பயன்படுத்துகிறோம். λ = d/D எனில்

v∞ = v / (1 − 2.104λ + 2.09λ³)   … (3)

இங்கே v, நாங்கள் அளக்கும் வேகம்: 200 மி.மீ. இடைவெளியைக் கடந்த நேரம் t எனில் v = 0.200/t. 2 மி.மீ. குண்டுக்கு இந்தத் திருத்தம் ஏறக்குறைய 9 விழுக்காடு. இதை விட்டுவிட்டால் நிறுத்துகடிகாரத்தை எவ்வளவு கவனமாக அழுத்தியும் பயனில்லை.

2.4 கணக்கிடப் பயன்படும் சமன்பாடு

ஒரே ஒரு குண்டை வைத்தும் η-ஐக் கண்டுபிடிக்கலாம். நாங்கள் 1, 1.5, 2, 3 மி.மீ. விட்டமுள்ள குண்டுகளை எடுத்து, (3)-இன்படி திருத்திய v∞-ஐ d²-க்கு எதிராக வரைகிறோம். (1) சரியென்றால் வரைபடம் ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோடு. அதன் சாய்வு m எனில்

η = (ρₛ − ρₗ) g / 18m   … (4)

அறிக்கையின் எல்லா முடிவுகளும் இந்தச் சமன்பாட்டிலிருந்தே வருகின்றன. வரைபடத்தை நாங்கள் விரும்பியதற்குக் காரணம், அது விதியையும் சேர்த்தே சோதிக்கிறது. ஸ்டோக்ஸ் விதி தவறத் தொடங்கினால் பெரிய குண்டின் புள்ளி கோட்டுக்குக் கீழே இறங்கும்.

g-க்கு 9.78 மீ/வி² எடுத்துக்கொண்டோம். வழக்கமான 9.81 பினாங்குக்குப் பொருந்தாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஐந்தரைப் பாகை வடக்கே மட்டும் இருக்கிறோம். வித்தியாசம் 0.3 விழுக்காடுதான், ஆனாலும் சரியான எண் தெரிந்திருக்கும்போது மற்றதை எழுதத் தேவையில்லை.

2.5 எடுகோள்கள்

குண்டுகள் வழவழப்பான, கெட்டியான கோளங்கள் என்றும், அவற்றின் பரப்பை ஒட்டிய திரவம் வழுக்குவதில்லை என்றும், கிளிசரின் நியூட்டோனியத் திரவம் என்றும் கொள்கிறோம். பேரிங் குண்டுகளுக்கும் கிளிசரினுக்கும் இவை நன்றாகப் பொருந்தும்.

அடுத்தது, ரெனால்ட்ஸ் எண் Re = ρₗ v d/η ஒன்றைவிட மிகக் குறைவு என்ற எடுகோள். 1 மி.மீ. குண்டுக்கு Re ≈ 0.01, 2 மி.மீ.-க்கு 0.1. 3 மி.மீ.-க்கு 0.3-ஐத் தாண்டுகிறது. இழுவிசையில் ஓசீனின் முதல்நிலைத் திருத்தம் (3/16)Re. அதன்படி பார்த்தால் 3 மி.மீ. குண்டில் 6 விழுக்காடு வரை பிழை வரலாம். ஆகவே சாய்வை முதல் மூன்று குண்டுகளிலிருந்து மட்டும் எடுக்கிறோம். 3 மி.மீ. குண்டு, கோடு வளைகிறதா என்று பார்க்க மட்டுமே.

வெப்பநிலை மாறவில்லை என்பது இவற்றைவிடக் கடுமையான எடுகோள். 30°C-ஐ ஒட்டி ஒரு பாகை ஏறினால் கிளிசரினின் η ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது. குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கும் அறையில் கதவைத் திறந்து மூடுவதே போதும். அதனால் குளிரூட்டியை அணைத்துவிட்டு, உருளையை முந்தைய நாளே அறையில் வைத்துவிடுகிறோம். வெப்பமானியைத் திரவத்துக்குள் வைத்துத்தான் படிக்கிறோம், அறைக் காற்றில் அல்ல.

எல்லாவற்றிலும் பலவீனமானது, கிளிசரின் தூயது என்ற எடுகோள். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், பினாங்குக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. 20°C-இல் தூய கிளிசரினின் η 1.41 பாஸ்கல் வினாடி. நிறையில் 1 விழுக்காடு நீர் சேர்ந்தாலே அது 1.15 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே நீர் அடர்த்தியை 0.2 விழுக்காடு மட்டுமே மாற்றுவதால், எங்கள் திரவமானியில் அது தெரியவே தெரியாது. சமன்பாடு (4)-உம் இதைக் காட்டிக்கொடுக்காது: நீர் கலந்த கிளிசரினிலும் புள்ளிகள் அழகாக நேர்கோட்டில்தான் அமையும், சாய்வு மட்டும் கூடிவிடும். ஆகையால் (4) தரும் η-ஐ, அன்று எங்கள் உருளையில் இருந்த திரவத்தின் பாகியல் எண் என்றே பதிவுசெய்கிறோம். அட்டவணை மதிப்பைவிட அது குறைந்திருந்தால், சமன்பாட்டைச் சந்தேகிக்கும் முன் திரவத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதற்காகவே 2 மி.மீ. குண்டை அளவீட்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் ஒருமுறை விடுகிறோம். வெப்பநிலை மாறாமல் இரண்டாவது நேரம் குறைந்திருந்தால், இடையில் திரவம் நீரை வாங்கியிருக்கிறது என்று பொருள். அந்தத் தொகுப்பைச் சாய்வுக் கணக்கில் சேர்ப்பதில்லை.