ஐந்தாண்டு எழுத்தில் மூன்று பாடங்கள்

நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஐந்து ஆண்டுகள் இணையத்தில் தொடர்ந்து எழுதியதில் கிடைத்த மூன்று பாடங்களைச் சொல்கிறேன். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நாம் வெளியிட்ட அன்றே படிக்கிறவர்கள் நம் நண்பர்கள். அதன் பிறகு வருடக்கணக்கில் வந்து படிக்கிறவர்கள், எதையோ தேடிக்கொண்டு வருகிற, நம் பெயர்கூடத் தெரியாத வாசகர்கள். அவர்களுக்காகத்தான் உழைக்க வேண்டும்.

முதல் பாடம்: ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி. எழுத உட்காருமுன் அந்தக் கேள்வியை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "மாடித் தோட்டம்" என்பது கேள்வி ஆகாது. "தொட்டியில் வைத்த கத்தரிச் செடியில் பூ ஏன் உதிர்கிறது?" என்பது கேள்வி. அதையே தலைப்பாகவும் வைக்கலாம்; தேடுகிறவர் தட்டுகிற சொற்கள் அதில் அப்படியே இருக்கின்றன. விடையை முதல் இரண்டு பத்திகளுக்குள் சொல்லிவிடுங்கள். விளக்கம், விதிவிலக்கு எல்லாம் அதன் பிறகு வரட்டும். எழுதும்போது இன்னொரு கேள்வி முளைத்தால் அதை வெட்டித் தனிக் கோப்பில் வையுங்கள். அடுத்த கட்டுரைக்கு விதை அதுதான். விஷயம் தீர்ந்துபோச்சே என்று நிற்கிற நாளில் அந்தக் கோப்பு கைகொடுக்கும்.

இரண்டாவது பாடம்: எழுதிய அன்றே வெளியிடாதீர்கள். ஒரு இரவு கிடக்கட்டும். மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் பெரும்பாலும் எழுவாய் ஒரு கோடியிலும் பயனிலை மறு கோடியிலும் இருக்கும். நடுவே "போய், பார்த்து, கேட்டு, தெரிந்துகொண்டு" என்று எச்சங்கள் வரிசைகட்டி நிற்கும். இரண்டு எச்சம் தாங்கும். மூன்றாவது வந்தால் அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். அப்படிப் படிக்கும்போதே "சென்ற வாரம்", "அண்மையில்", "இப்போதைய விலை" போன்றவற்றையும் பிடியுங்கள். ஒரு வருடத்தில் இவை பொய்யாகிவிடும். "2023 ஆகஸ்டில்" என்று எழுதினால் என்றைக்கும் சரியாக இருக்கும்.

மூன்றாவது பாடத்துக்குத்தான் நான் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை. எழுத்துகளின் சுத்தம். ஔவையார் என்று எழுத 'ஔ' என்ற ஒரே எழுத்து இருக்கிறது. ஆனால் பலர் 'ஒ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டிவிடுகிறார்கள். "கௌரவம்" என்பதும் இப்படியே 'கெ', 'ள' என்று இரண்டாக உடைந்து "கெளரவம்" ஆகிறது. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு சொல். சரியாகத் தட்டித் தேடுகிறவருக்கு நம் கட்டுரை அகப்படாமல் போகலாம்.

கண்டுபிடிப்பது எளிது. எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்து, வலப்பக்க அம்பு விசையை ஒருமுறை அழுத்துங்கள். முழு எழுத்தையும் தாண்டினால் சரி. பாதியில் நின்றால் அங்கே 'ள' உட்கார்ந்திருக்கிறது. திருத்தும்போது ஒரு எச்சரிக்கை: "எல்லாவற்றையும் மாற்று" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். 'ஒள' எல்லாம் 'ஔ' ஆனால் "ஒளி" கெட்டுவிடும். 'கெள' எல்லாம் 'கௌ' ஆனால் "கெளுத்தி" மீன் செத்தது. முழுச் சொல்லாகத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே பத்திரம்.

'கொ' போன்ற எழுத்துகளில் வேறொரு சிக்கல். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்து அதை உருவாக்க முடியும். ஒரே குறியாகவும் உருவாக்க முடியும். யூனிகோடு இரண்டையும் சமமாகவே கருதுகிறது. என்றாலும் சில மென்பொருள்களின் தேடல் அப்படிக் கருதுவதில்லை. ஒரே எழுத்தின் மாற்று வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிற NFC என்ற இயல்பாக்கம் செய்தால் இவை ஒன்றாகிவிடும். ஆனால் மேலே சொன்ன 'ள' பிழையை அது தொடாது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

சுத்தப்படுத்திய எழுத்தைப் பத்திரப்படுத்துவதும் இதே பாடம்தான். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். கட்டுரை ஒவ்வொன்றையும் UTF-8 எளிய உரைக் கோப்பாக, பெயரின் முன்னால் 2024-03-15 என்ற வடிவில் தேதியிட்டு வைத்தால், கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். தளம் தருகிற ஏற்றுமதிக் கோப்பை மட்டும் நம்பாதீர்கள். பல தளங்களில் அதில் எழுத்து மட்டும் வரும். படங்களுக்குப் பதில் அவற்றின் இணைப்பு முகவரிதான் இருக்கும். தளம் மூடப்பட்டால் படங்களும் போய்விடும். படங்களின் மூலக் கோப்புகளைத் தனியே சேமியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிரதியிலிருந்து ஏதாவது ஒரு பழைய கட்டுரையை வேறொரு கணினியில் திறந்து, கடைசி வரிவரை படித்துப் பாருங்கள். திறக்காத பிரதியை நம்ப முடியாது.

'ஔ', 'கௌ' வருகிற, அடிக்கடி பிழையாகும் சொற்களின் பட்டியலை ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.