நேற்றைய இ-வே பில்லில் எண் மாறியது பற்றி

அண்ணாச்சி, வணக்கம். நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். நீங்கள் தூத்துக்குடி போய்விட்டதால் எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் லோடுக்கு இன்வாய்ஸில் 240 எவர்சில்வர் குடம். இ-வே பில்லில் 420 என்று ஏறியிருந்தது. தார்ப்பாய் கட்டியபின் 6.10-க்கு டிரைவர்தான் கவனித்தார். போட்ட இ-வே பில்லில் எண்ணிக்கையைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாகப் போடவேண்டும். வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் ரத்தும் செய்ய முடியாது. அதனால் வண்டியை நிறுத்திவைத்தேன்.

லாகின் என்னிடம் இல்லாததால் முதலாளி வந்து போட 8.45 ஆனது. லோடுமேன்கள் மூன்று பேருக்கு ஆளுக்கு 200, மொத்தம் 600 ரூபாய் கூடுதல் கூலி என் பிரிவுக் கணக்கில் ஏறியது. வள்ளியூர் லோடு இன்று காலைக்குத் தள்ளிப்போனது.

சாயங்காலம் ஐந்து பில்லும் ஒரே நேரத்தில் உங்களிடம் வந்ததை நானும் பார்த்தேன். லோடு சீட்டை இனி நான் நாலு மணிக்கே தந்துவிடுகிறேன். பிரிண்ட் எடுக்கும் முன் பில்லை வாட்ஸப்பில் அனுப்புங்கள். எண்ணிக்கை, வண்டி நம்பர் இரண்டையும் சீட்டோடு வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். இது உங்களுக்குத் தோதுப்படுமா அண்ணாச்சி?