அடித்த நான்கு வரி

"பத்துக்கு அஞ்சுதானா டீச்சர்? ஒரு பிழைகூட இல்லையே!" செல்வம் விடைத்தாளை மூன்றாம் முறையாகப் புரட்டினார்.

"பிழை இல்லைதான் சார். ஆனா 'மழைநீர் சேகரிப்பு'க்கு முன்னுரையிலேர்ந்து முடிவுரை வரைக்கும் அப்படியே நோட்ஸ். 2003-ல கட்டாயமாக்கினாங்கன்னு இதே வரியைப் பாதி வகுப்பு எழுதியிருக்கு. சொந்தமா எழுதினது இது ஒண்ணுதான்."

டீச்சர் விரல் வைத்த இடத்தில், குறுக்கே கோடு போட்டு அடித்த நான்கு வரிகள். செல்வம் கண்ணைச் சுருக்கிப் படித்தார். மாடிக் குழாயைக் காக்கைக்கூடு அடைத்துக்கொண்டது. அப்பா குடையும் கையுமாகக் குச்சியால் குத்தினார். தண்ணீர் மொத்தமும் அவர் தலையிலேயே கொட்டியது.

"இதை அடிக்காம விட்டிருந்தா எட்டு போட்டிருப்பேன். ஏன் அடிச்சான்னுதான் புரியலை."

செல்வம் தலையைச் சொறிந்தார். "போன பரீட்சைக்கு நான்தான் டீச்சர்... வீட்டுக் கதையெல்லாம் எழுதாதடான்னு திட்டினேன்."

ஜன்னலுக்கு வெளியே பையன் செருப்பால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

"கொட்டினது நிஜமா சார்?"

"சட்டைப்பையில இருந்த போனும் போச்சு டீச்சர். அதை எழுதாம விட்டுட்டான் பாருங்க."