பதில்: வியாழக்கிழமை விதைநெல் விநியோகம் – மின்னஞ்சலின் மீதிப் பகுதி

வணக்கம் சேர்,

இன்று காலை நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது, நன்றி. கடைசிப் பந்தி மட்டும் பாதியில் நிற்கிறது. எனக்கு வந்திருப்பது இவ்வளவுதான்:

"முத்தையன்கட்டுக் கமக்காரருக்குரிய மூடைகளை இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். ஏனென்றால் அவர்களின்"

இதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கீழே வழமையாக வரும் உங்கள் பெயரும் இல்லை. போனில் பார்த்துவிட்டு அலுவலகக் கணினியிலும் திறந்தேன், அதே இடத்தில்தான் முடிகிறது. மீதியை ஒருக்கா அனுப்பிவிட முடியுமா சேர்? போனிலிருந்து இரண்டு வரி எழுதினாலும் போதும்.

ஊகித்துச் செய்ய மனம் வரவில்லை. அவர்களின் பெயர்ப்பட்டியல் கமநல சேவை நிலையத்தில் இன்னும் உறுதியாகவில்லை என்பதுதான் காரணமென்றால், நாளை காலையே அங்கு போய் அலுவலைப் பார்க்கலாம். அவர்களின் மூடைகளில் முளைதிறன் குறைவு என்று சொல்ல வந்திருந்தால் அது வேறு கதை. அவற்றைத் தனியாக அடுக்கி, மற்ற நெல்லோடு கலக்காமல் பார்க்க வேண்டும்.

வலதுகரை, இடதுகரை இரண்டுக்கும் சேர்த்தா நிறுத்தச் சொல்கிறீர்கள் என்பதையும் குறிப்பிட்டால் நல்லது. இடதுகரை ஆட்கள் கேட்டிருப்பது ஏ.ரி. 362. அது மூன்றரை மாத நெல், பி.ஜி. 300 மாதிரி மூன்று மாதத்தில் வெட்ட ஏலாது. மழையும் தொடங்கிவிட்டது, உழுத வயலை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். பிந்தப் பிந்த அவர்களுக்குத்தான் நட்டம். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று தெரிந்தால் கமக்கார அமைப்புத் தலைவருக்கு ஒழுங்கான பதில் சொல்லலாம். அவர் இன்றும் கோல் எடுத்தார். அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றதோடு நிறுத்திக்கொண்டேன். காரணம் எதுவும் சொல்லவில்லை.

மற்ற வேலைகள் உங்கள் முதல் இரண்டு பந்திகளில் உள்ளபடியே நடக்கின்றன. நெடுங்கேணிக்குரிய 60 மூடைகளும் பிரித்துக் களஞ்சிய வாசலில் வைத்தாயிற்று. லொறி மாங்குளத்தால் திரும்பி ஒட்டுசுட்டானுக்கு வர வியாழன் காலை 8 மணியாகும் என்று சாரதி சொன்னார். ஏற்றுகிற ஆட்களுக்கு முதல்நாளே சொல்லவேண்டியிருப்பதால், புதன் பின்னேரம் 3 மணிக்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் பெரிய உதவி. அதற்குள் கிடைக்காவிட்டால், வந்திருக்கும் வரியின்படி முத்தையன்கட்டு மூடைகள் எதையும் ஏற்றாமல் களஞ்சியத்திலேயே பலகை மேல் வைத்திருப்பேன்.

இன்னொன்று: இரண்டாம் பந்தியில் "இணைப்பைப் பார்க்கவும்" என்று இருக்கிறது, இணைப்பு வரவில்லை. மீதியோடு அதையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள் சேர்.

நன்றி.

இப்படிக்கு,
தர்சினி
கள உத்தியோகத்தர், ஒட்டுசுட்டான்